ஒன்றாக நின்று ஒன்றாக வரும் படங்கள்

2017 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த சிக்காம் மாநாட்டில் கூகிள் பொறியாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வாசித்தார்கள். குயிக் என்ற புதிய நெறிமுறையை உலகம் முழுக்க ஓட்டிப் பார்த்து என்ன கண்டார்கள் என்பதே அதன் செய்தி. அதில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. தென் கொரியா, அமெரிக்கா, இந்தியா என்று மூன்றே வரிசைகள். ஒரு பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம் கொரியாவில் 38 மில்லிசெகண்ட், அமெரிக்காவில் 50, இந்தியாவில் 188. திரும்ப அனுப்ப வேண்டிவந்த பாக்கெட்டுகள் கொரியாவில் நூற்றுக்கு ஒன்று, அமெரிக்காவில் இரண்டு, நம்மிடம் எட்டு. புது நெறிமுறைக்கு மாறியதும் கணினியில் கூகிள் தேடலின் காத்திருப்பு கொரியாவில் 1.3 சதவீதம்தான் குறைந்தது. இந்தியாவில் 13.2 சதவீதம். யூடியூப் நடுவில் நின்று சுற்றுவது கொரியக் கணினிகளில் துளியும் குறையவில்லை. இங்கே 22.1 சதவீதம் குறைந்தது.

கைலாசபுரம் டவுன்ஷிப்பில் உட்கார்ந்து கடைகளுக்கும் கல்லூரிகளுக்கும் இணையதளம் பார்த்துக்கொள்ளும் எனக்கு இந்த அட்டவணை ஆச்சரியம் தரவில்லை, ஆறுதல் தந்தது. நல்ல லைன் இருக்கும் ஊரில் உட்கார்ந்து வடிவமைத்த நெறிமுறை மோசமான லைனில் எப்படித் திணறும் என்று வாடிக்கையாளர்களின் போன் அழைப்பு வழியாகத்தான் அதுவரை கற்றுக்கொண்டிருந்தேன். இங்கே எண்ணாகவே போட்டிருந்தார்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். 1996 மே மாதம் எழுத்தில் வந்த எச்டிடிபி 1.0-இல் ஒரு கோரிக்கைக்கு ஓர் இணைப்பு. பிரவுசர் சர்வரோடு டிசிபி இணைப்பைப் போடும், ஒரு கோப்பைக் கேட்கும், வாங்கும், இணைப்பு அறுந்துவிடும். அடுத்த படத்துக்கு மறுபடி முதலிலிருந்து. இணைப்புப் போட ஒரு போய்வரவு, கேட்டு வாங்க ஒரு போய்வரவு, ஆக ஒரு படத்துக்கு இரண்டு. டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் செய்த முதல் வடிவத்தில் பக்கம் என்றால் வெறும் எழுத்து, ஒரு கோரிக்கையோடு வேலை முடிந்தது. அதற்கு அது போதும். பக்கத்தில் நாற்பது படம் ஏறியபின் போதவில்லை. மேலே சொன்ன 188 மில்லிசெகண்டையே வைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் நாற்பது படத்துக்கு எண்பது போய்வரவு, பதினைந்து விநாடி. அதுவும் காத்திருப்பு மட்டும். டயல்-அப் மோடம் பைட்டுகளை இழுக்கும் நேரம் தனி. இதோடு ஒவ்வொரு டிசிபி இணைப்பும் பிறக்கும்போது மெதுவாகத்தான் ஓடத் தொடங்கும், வழி தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் வேகம் பிடிக்கும். வேகம் பிடிக்கும் நேரத்தில் இணைப்பை வெட்டிவிட்டால் பிடித்த வேகமும் போச்சு. அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கட்டியவர்கள் கட்டியதில் ஒரு பகுதி இதற்குத்தான்.

1997 ஜனவரியில் வந்த 1.1 இணைப்பை வெட்டாமல் வைத்திருக்கச் சொன்னது. ஒரே இணைப்பில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கோப்புகள். பதிலுக்குக் காத்திராமல் கோரிக்கைகளை வரிசையாகத் தள்ளிவிடவும் அனுமதித்தது, பைப்லைனிங் என்று பெயர். ஆனால் கேட்ட வரிசையிலேயேதான் பதில் வர வேண்டும். ரேஷன் கடையில் முதலில் நிற்பவரின் கைரேகை மிஷினில் விழவில்லை என்றால் பின்னால் பையோடு நிற்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதானே, அதே கதை. தரவுத்தளத்தில் தேடி மெதுவாக வரும் ஒரு பதில், தயாராக இருக்கும் பத்துப் படத்தை மறித்துக்கொண்டு நிற்கும். போதாக்குறைக்கு நடுவழிப் பிராக்சிகள் பல இதைச் சரியாகக் கையாளவில்லை. பெரும்பாலான பிரவுசர்கள் பைப்லைனிங்கை அணைத்தே வைத்திருந்தன.

பிறகு என்ன செய்தார்கள்? ஒரு வரிசைக்குப் பதில் பல வரிசை போட்டார்கள். ஒரு சர்வருக்கு இரண்டு இணைப்புக்கு மேல் வேண்டாம் என்று 1999-இன் ஆவணம் சொல்லியிருந்தும் 2008 வாக்கில் பிரவுசர்கள் ஆறுக்கு வந்துவிட்டன. ஆறும் போதாமல் எங்களைப் போன்றவர்கள் img1, img2 என்று துணைப்பெயர்கள் வைத்து ஒரே சர்வரைப் பல சர்வராகக் காட்டி பிரவுசரை ஏமாற்றினோம். சின்னச் சின்ன ஐகான்களை ஒரே பெரிய படமாக ஒட்டி, தேவையான மூலையை மட்டும் காட்டினோம். ஸ்கிரிப்டுகளை எல்லாம் ஒரே கோப்பாகக் கட்டினோம். பத்து வருடம் இந்தத் தொழிலில் 'வேகப்படுத்துவது' என்று நாங்கள் காசு வாங்கியதில் பாதி இந்த ஒட்டுவேலைதான்.

ஒட்டுவேலையை ஒழிக்க 2009 நவம்பரில் கூகிளின் மைக் பெல்ஷியும் ராபர்ட்டோ பியோனும் ஸ்பீடி என்ற பரிசோதனையை அறிவித்தார்கள். அதை அடியாகக் கொண்டு எழுந்ததுதான் 2015 மே மாதம் வந்த எச்டிடிபி 2. ஒரு தளத்துக்கு ஒரே இணைப்பு. அதற்குள் ஒவ்வொரு கோரிக்கையும் எண்ணிட்ட ஒரு ஸ்ட்ரீம். பதில்களைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் எந்த ஸ்ட்ரீமைச் சேர்ந்தது என்று எழுதி, கலந்து அனுப்புவார்கள். மறுமுனையில் எண் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். நாற்பத்தெட்டுப் படம் இருக்கிறதென்றால் ஆறு இணைப்பில் எட்டுச் சுற்றாக வாங்கிய காலம் போய், நாற்பத்தெட்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிடலாம். மெதுவான பதில் மற்றதை மறிக்காது. படித்தபோது அழகாக இருந்தது. நல்ல பிராட்பேண்டில் ஓட்டிப் பார்த்தபோதும் அழகாகவே இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பூஜைப் பொருள் கடை. பித்தளை விளக்கு, சொம்பு, சந்தனக் கட்டை என்று பட்டியல் பக்கத்தில் ஏகப்பட்ட படம். அந்தத் தளத்தை எச்டிடிபி 2-க்கு மாற்றி, img1, img2 துணைப்பெயர்களை எல்லாம் கழற்றிவிட்டேன். எல்லோரும் சொன்ன முறை அதுதான். ஒரே இணைப்பில் ஓட வேண்டிய இடத்தில் பல பெயர் இருந்தால் பல இணைப்பு போட்டு, கிடைத்த நன்மையைக் கெடுக்கும். என் வீட்டு ஃபைபரில் பக்கம் பறந்தது. இரண்டு நாளில் கடைக்காரர் போன் செய்தார்.

"அம்மா, முன்னாடி ஒண்ணு ரெண்டு படம் லேட்டா வரும். இப்ப எல்லாம் ஒண்ணா நிக்குது, அப்புறம் ஒண்ணா வருது."

"எங்க இருந்து பாக்குறீங்க அண்ணா?"

"நான் கடையில வைஃபைல பாத்தா நல்லாத்தான் இருக்கு. ரயில்ல வர்றவங்க, கூட்டத்துல நிக்கறவங்கதான் சொல்றாங்க."

நோயை இதைவிடத் துல்லியமாக எந்தப் பொறியாளரும் விவரித்ததில்லை. ஒன்றாக நிற்பது, ஒன்றாக வருவது. எச்டிடிபி 2-இல் ஸ்ட்ரீம்கள் நாற்பத்தெட்டு என்பது எச்டிடிபிக்கு மட்டும்தான் தெரியும். கீழே இருக்கும் டிசிபிக்குத் தெரிந்தது ஒரே ஒரு பைட் வரிசை. நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்தால், அதன்பின் வந்த பாக்கெட்டுகளை எல்லாம் போனின் இயங்குதளம் வாங்கி வைத்துக்கொள்ளும், ஆனால் பிரவுசருக்குக் கொடுக்காது. தொலைந்தது மீண்டும் வந்து ஓட்டை அடைபட்டால்தான் கொடுக்கும். தொலைந்த துண்டு சொம்புப் படத்தினுடையது என்றாலும் விளக்கும் சந்தனமும் வாசலிலேயே நிற்கும். ஓட்டை அடைபட்ட கணத்தில் அத்தனையும் சேர்ந்து கொட்டும். பழைய ஆறு இணைப்பு முறையில் ஒரு பாக்கெட் போனால் ஆறில் ஒரு பங்கு மட்டும் நின்றது. எச்டிடிபிக்குள் இருந்த வரிசையை ஒழித்துவிட்டோம் என்று நினைத்தோம். அது ஒரு மாடி கீழே இறங்கியிருந்தது.

கணக்கும் போடலாம். படம் ஒன்று 25 கிலோபைட் என்றால் நாற்பத்தெட்டுக்கு 1,200 கிலோபைட், டிசிபியில் ஏறக்குறைய 860 பாக்கெட். நூற்றுக்கு இரண்டு தொலைந்தால் பதினேழு ஓட்டை. ஒவ்வோர் ஓட்டைக்கும் குறைந்தது ஒரு போய்வரவு. மொபைலில் அது 80 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டால், ஓட்டைகள் தனித்தனியாக விழும் மோசமான நாளில் ஒன்றேகால் விநாடிக்கு மேல் பக்கம் முழுதும் அசையாமல் நிற்கும். கூடவே இன்னொன்று. தொலைப்பைக் கண்டதும் டிசிபி வழி நெரிசல் என்று எண்ணி வேகத்தைக் குறைக்கும். ஆறு இணைப்பில் ஒன்றின் வேகம்தான் குறையும். இங்கே இருப்பதே ஒன்று.

இதை வீட்டிலேயே உண்டாக்கிப் பார்க்கலாம். லினக்ஸில் ஒரு வரி:

```
tc qdisc add dev eth0 root netem delay 80ms loss 2%
```

இதைச் சர்வர் இயந்திரத்திலேயே போட்டால் முடிவு கொஞ்சம் பொய் சொல்லும். அனுப்பும் இயந்திரத்தில் பல பாக்கெட்டுகள் இன்னும் ஒரே பெரிய கட்டாக இருக்கும், தொலைந்தால் கட்டாகவே தொலையும். ஒரு பழைய மடிக்கணினியை நடுவில் ரவுட்டராக வைத்து, வெளியே போகும் போர்ட்டில் போடுவது நல்லது. பிறகு குரோமில் நெட்வொர்க் பட்டியைத் திறந்து படங்களின் பட்டைகளைப் பாருங்கள். எச்டிடிபி 1.1-இல் பட்டைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்களில் முடியும். எச்டிடிபி 2-இல் தொலைப்பு இருக்கும்போது பல பட்டைகள் ஒரே செங்குத்துக் கோட்டில் கத்தரித்தாற்போல முடியும். கடைக்காரர் கண்ணால் கண்டது அந்தக் கோட்டைத்தான்.

இந்தக் குறை அதை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாதது அல்ல. எச்டிடிபி 2 எழுத்தில் வருவதற்கு முன்பே, 2012-இல், கூகிளில் ஜிம் ராஸ்கைண்ட் குயிக்கைத் தொடங்கிவிட்டார். டிசிபியையே திருத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். டிசிபி இயங்குதளத்தின் உள்ளே இருக்கிறது. ஒரு மாற்றம் எல்லாப் போனுக்கும் போய்ச்சேர வருடக்கணக்காகும். அதைவிடப் பெரிய தடை நடுவழியில். ஃபயர்வால், ரவுட்டர், நாட் பெட்டி எல்லாம் டிசிபியின் தலைப்பைப் பிரித்துப் பார்த்துப் பழகியவை. பழகாத எதையும் வெட்டிவிடும். பல ஸ்ட்ரீம்கள் கொண்ட எஸ்சிடிபி என்ற போக்குவரத்து நெறிமுறை 2000-லேயே வந்துவிட்டது, ஆனால் வீட்டு ரவுட்டரைத் தாண்ட முடியாமல் தொலைபேசி நிறுவனங்களின் உள்வலைகளோடு நின்றுபோனது.

ஆகவே பெரும்பாலான பெட்டிகளைக் கடந்துவிடும் ஒன்றின் முதுகில் ஏற வேண்டியிருந்தது. அதுதான் யுடிபி. 1980-இல் ஜான் போஸ்டல் எழுதிய அதன் ஆவணம் மூன்று பக்கம். சேர்ந்ததா, வரிசையா, தொலைந்ததா எதையும் அது கவனிக்காது, பாக்கெட்டை எறியும், அவ்வளவே. கவனிக்கும் வேலை முழுவதையும் குயிக் தன் கையில் எடுத்துக்கொண்டது. தொலைப்பைக் கண்டுபிடிப்பது, மறுபடி அனுப்புவது, நெரிசலுக்கு வேகம் குறைப்பது எல்லாம் பிரவுசருக்குள்ளும் சர்வர் நிரலுக்குள்ளும் நடக்கும். ஸ்ட்ரீம் என்பது இப்போது போக்குவரத்து மட்டத்துக்கே தெரியும். சொம்பின் துண்டு தொலைந்தால் சொம்பு மட்டும் காத்திருக்கும். ஐஇடிஎஃப் ஐந்து வருடம் அலசி, 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 என்று வெளியிட்டது. தொகுத்தவர்கள் ஜனா ஐயங்கார், மார்ட்டின் தாம்சன். முதல் பெயரைப் பார்த்து எங்கள் ஸ்ரீரங்கத்துக் கடைக்காரருக்கு ஒரே பூரிப்பு. அதன்மேல் ஓடும் எச்டிடிபி 3 2022 ஜூனில் வந்தது.

காத்திருப்பும் குறைந்தது. பழைய முறையில் டிசிபி கைகுலுக்க ஒரு போய்வரவு, டிஎல்எஸ் 1.2-க்கு இரண்டு, கேட்டு வாங்க ஒன்று, ஆக நான்கு. அட்டவணையின் இந்திய 188-ஐப் போட்டால் முதல் பைட்டுக்கு 752 மில்லிசெகண்ட். டிஎல்எஸ் 1.3 வந்தபின் 564. குயிக்கில் இணைப்பும் மறையாக்கமும் ஒரே கைகுலுக்கலில் முடிவதால் 376. முன்பு வந்த வாடிக்கையாளர் என்றால் கைகுலுக்கல் முடியும் முன்பே கோரிக்கையை அனுப்பி 188-லேயே வாங்கலாம். இதில் ஒரு பொறி உண்டு. அந்த முந்திய கோரிக்கையை நடுவில் ஒருவர் பிடித்து மறுபடி எறிந்தால் சர்வர் இரண்டாம் முறையும் ஏற்றுக்கொள்ளக்கூடும். படம் கேட்கும் கோரிக்கை என்றால் நஷ்டமில்லை. ஆர்டர் போடும் கோரிக்கைக்கு இந்த வசதியைத் திறக்கவே கூடாது. கடையின் தளத்தில் நான் அதை முழுதாக அணைத்தே வைத்திருக்கிறேன்.

குயிக் தன் தலைப்புகளைப் பெரும்பாலும் மறையாக்கி அனுப்புவது வேகத்துக்காக அல்ல, நடுவழிப் பெட்டிகளின் கண்ணைக் கட்டுவதற்கு. 2017 கட்டுரையிலேயே அதற்குக் கதை இருக்கிறது. ஆரம்பகாலக் குயிக்கில் திறந்திருந்த முதல் பைட்டில் ஒரு பிட்டை மாற்றினார்கள். உடனே சில இடங்களில் இணைப்புகள் செத்தன. ஒரு ஃபயர்வால் அந்த பைட்டை வைத்தே குயிக்கை அடையாளம் கண்டுகொண்டிருந்தது. முதல் சில பாக்கெட்டை விட்டுவிட்டு மீதியை விழுங்கியது. முழுதாக மறித்திருந்தாலாவது பிரவுசர் உடனே டிசிபிக்குத் திரும்பியிருக்கும்.

2023 ஜூனில் குயிக்கோடு என்ஜிங்ஸ் 1.25.1 வந்ததும் கடைத் தளத்தை மாற்றினேன். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```
listen 443 quic reuseport;
listen 443 ssl;
http2 on;
add_header Alt-Svc 'h3=":443"; ma=86400';
```

இரண்டாவது வரியை எடுத்துவிடக் கூடாது. பிரவுசர் முதல்முறை டிசிபி வழியாகத்தான் பெரும்பாலும் வரும். நான்காவது வரியின் அறிவிப்பைப் பார்த்துத்தான் இங்கே எச்டிடிபி 3-உம் உண்டு என்று அறியும். ஆகவே முதல் பக்கத்தில் h2 என்றும் அடுத்த வருகையில் h3 என்றும் காட்டினால் பழுதல்ல.

அடுத்தடுத்த வருகையிலும் h3 வரவே இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது கிளவுட் கட்டுப்பாட்டுப் பலகையில் யுடிபி 443 திறந்திருக்கிறதா என்பதை. டிசிபி 443 மட்டும் திறந்திருக்கும் சர்வர்களை அடிக்கடி பார்க்கிறேன். பிழைச்செய்தி எதுவும் வராது. பிரவுசர் சத்தமில்லாமல் டிசிபிக்குத் திரும்பிவிடும், தளம் ஓடும், மாற்றிவிட்டோம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். `curl --http3-only -I` கொடுத்து முகவரியைப் போட்டால் உண்மை தெரியும். சர்வரில் `tcpdump -n udp port 443` ஓடவிட்டு ஒரு பாக்கெட்டும் வரவில்லை என்றால் தடை வழியில் இருக்கிறது. வருகிறது, பதில் போகவில்லை என்றால் கோளாறு உள்ளே.

இன்னொரு கோளாறு சற்று நுட்பமானது. டிசிபி இணைப்பை அடையாளம் காட்டுவது இரு முனை முகவரிகளும் போர்ட்டுகளும். டவுன்ஷிப் வீட்டு வைஃபையிலிருந்து கேட்டைத் தாண்டி மொபைல் டேட்டாவுக்குப் போன் மாறினால் முகவரி மாறும், இணைப்பு சாகும். குயிக் தன் இணைப்புக்குத் தனி அடையாள எண் வைத்திருக்கிறது. முகவரி மாறினாலும் அந்த எண்ணைக் காட்டித் தொடரலாம். ஆனால் சர்வரில் பல பணியாளர் செயல்முறைகள் ஓடினால், வரும் பாக்கெட்டை எந்தப் பணியாளரிடம் கொடுப்பது என்று லினக்ஸ் முகவரியைப் பார்த்துத்தான் பிரிக்கும். புது முகவரியோடு வந்த பாக்கெட் அந்த இணைப்பைப் பற்றி ஒன்றும் அறியாத பணியாளரிடம் விழும். என்ஜிங்ஸில் `quic_bpf on` போட்டால் அடையாள எண்ணைப் பார்த்துப் பிரிக்கும். இதைச் செய்யாதவரை இடம் மாறும் வசதி காகிதத்தில்தான்.

மாற்றியபின் கடைக்காரரிடமிருந்து 'ஒண்ணா நிக்குது' என்ற புகார் ஓய்ந்தது. ஆனால் பெரிய படம் ஒன்றே ஒன்று இருக்கும் பக்கத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. இருக்கவும் முடியாது. ஒரு ஸ்ட்ரீமுக்குள் வரிசை வரிசைதான். தொலைப்பைக் கண்டு வேகம் குறைப்பதும் மொத்த இணைப்புக்குமே நடக்கிறது, ஸ்ட்ரீமுக்குத் தனியாக இல்லை. சர்வர் ஒரே பாக்கெட்டில் மூன்று படத்தின் துண்டுகளை அடைத்து அனுப்பினால் அந்தப் பாக்கெட் போகும்போது மூன்றும் நிற்கும். சர்வரின் சிபியூவும் கூடுதலாகக் கேட்கிறது. டிசிபி வேலையின் பெரும்பகுதியை இயங்குதளமும் நெட்வொர்க் கார்டும் பல வருடமாக மெருகேற்றி வைத்திருக்கின்றன. குயிக்கில் அதே வேலை நிரலுக்குள் ஒவ்வொரு பாக்கெட்டாக நடக்கிறது. கூகிளே தன் சர்வர்களில் குயிக் ஏறக்குறைய இரண்டு மடங்கு சிபியூ எடுப்பதாக அந்தக் கட்டுரையில் எழுதியிருந்தது. சின்ன வாடகை சர்வரில் விழாக்காலத்தில் அது தெரியும். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய வாரம் நான் சிபியூவைக் கூட்டித்தான் வைக்கிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் கல்லூரித் தளங்களுக்கு வளாகத்துக்குள்ளிருந்து வருபவர்கள் பலர் இன்றும் h2-இல்தான் வருகிறார்கள். வளாக ஃபயர்வால் யுடிபி 443-ஐ மறிக்கிறது. உள்ளே பார்க்க முடியாத போக்குவரத்தை நிர்வாகிகள் விரும்புவதில்லை. அவர்கள் பக்கத்து நியாயம் அது. அவர்களுக்காகப் படங்களைச் சிறியதாக்குவது, கண்ணுக்குத் தெரியும் முதல் நான்கு படத்தை மட்டும் முதலில் கேட்பது என்ற பழைய வேலைகளை இன்னும் விடவில்லை. பூஜைக் கடைக்கும் அதையே செய்திருக்கிறேன். பித்தளைச் சொம்பின் படம் இப்போது 9 கிலோபைட், ஏழு பாக்கெட்டில் வந்துவிடுகிறது.